நிறுத்திய சந்தாவுக்கும் பணம் போனால்

செயலியை போனிலிருந்து நீக்கிவிட்டால் சந்தாவும் முடிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். முடியாது. செயலியை நீக்கும்போது உங்கள் போனில் கொஞ்சம் இடம் காலியாகிறது, அவ்வளவுதான். மாதாமாதம் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொள்ள நீங்கள் கொடுத்த அனுமதி போனில் இல்லை. அது உங்கள் வங்கியில் பதிவாகியிருக்கிறது. போனையே மாற்றினாலும், பணம் செலுத்தும் செயலியை அழித்தாலும், அந்தப் பதிவு அப்படியே இருக்கும்.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் அடிப்படை ஒன்றுதான். ஒரு சந்தாவில் நீங்கள் இரண்டு இடங்களில் சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள். சேவை வேண்டும் என்று நிறுவனத்திடம் சொன்னது ஒன்று. அதற்கான பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று வங்கியிடம் சொன்னது மற்றொன்று. ஒன்றை ரத்து செய்தால் மற்றது தானாக ரத்தாகும் என்று நம்பி இருக்கக்கூடாது. ‘கேன்சல் பண்ணியாச்சே, எப்படிப் பணம் போச்சு?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இங்கேதான் இருக்கிறது.

எதற்குச் சம்மதித்தோம்?

யுபிஐ வழியாக இப்படித் தானாகப் பணம் எடுக்கும் முறைக்கு ஆட்டோபே என்று பெயர். தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் 2020 ஜூலையில் இதைக் கொண்டுவந்தது. நீங்கள் கொடுக்கும் அனுமதிக்கு மேண்டேட் என்று பெயர். ‘2 ரூபாயில் 7 நாள் ட்ரையல்’ என்ற விளம்பரத்தைத் தொட்டு, பின் எண்ணைப் போடும் அந்த நேரத்தில் 2 ரூபாய் மட்டும் போவதில்லை, மேண்டேட்டும் பதிவாகிறது. பின் எண் கேட்கும் திரைக்கு முந்தைய திரையில் அதன் விவரம் இருக்கும். அங்கே மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது தொகை. அது குறிப்பிட்ட தொகையாக இருக்கலாம், ‘அதிகபட்சம் இவ்வளவு’ என்றும் இருக்கலாம். விளம்பரத்தில் மாதம் 499 என்று சொல்லிவிட்டு, மேண்டேட்டில் 999 வரை என்று இருந்தால், 999 வரை எடுக்க நீங்கள் சம்மதித்ததாகத்தான் பொருள். இரண்டாவது, எத்தனை நாளைக்கு ஒருமுறை எடுக்கலாம் என்பது. இந்த இடத்தில் Monthly என்று இருந்தால் மாதம் ஒருமுறை. As presented என்று இருந்தால் நிறுவனம் கேட்கும்போதெல்லாம் எடுக்கலாம். As presented என்று இருக்கும் மேண்டேட்டைப் பார்த்தால் இரண்டு முறை யோசியுங்கள். மூன்றாவது, எந்தத் தேதி வரை செல்லும் என்பது. பல மேண்டேட்டுகளில் அது இருபது முப்பது வருடம் தள்ளியிருக்கும். ஒரு வாரம் பார்த்துவிட்டு விடப்போகும் செயலிக்கு 2055 வரை அனுமதி எழுதிக்கொடுத்திருப்போம்.

கடன் அட்டை, டெபிட் அட்டைகளுக்கும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி முதல் முறை ஓடிபி போட்டு மேண்டேட்டைப் பதிவு செய்தாக வேண்டும். ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு உங்களுக்குத் தகவல் வர வேண்டும். யார் எடுக்கிறார், எவ்வளவு, எப்போது என்று அதில் இருக்க வேண்டும். இந்த முறை வேண்டாம் என்றோ, மேண்டேட்டே வேண்டாம் என்றோ சொல்லும் வழியும் அதில் இருக்க வேண்டும். வழக்கமான சந்தாக்களில் 15,000 ரூபாய் வரை, பதிவான பிறகு ஓடிபி கேட்காமலே எடுக்கலாம். முன்னறிவிப்பு விதி யுபிஐ மேண்டேட்டுக்கும் பொருந்தும். பலர் அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள். பணம் போவதற்கு முன் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அதுதான்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக அம்மா ஒரு பாடச் செயலியை மார்ச் 3 அன்று 2 ரூபாய் கொடுத்து 7 நாள் ட்ரையலில் எடுக்கிறார். மகளுக்குப் பிடிக்கவில்லை. 6ஆம் தேதி செயலியை நீக்கிவிடுகிறார்கள். 9ஆம் தேதி ஓர் எஸ்எம்எஸ் வருகிறது, யாரும் படிக்கவில்லை. 10ஆம் தேதி 499 ரூபாய் போகிறது.

12ஆம் தேதி அம்மா அதைக் கவனிக்கிறார். செயலியை மறுபடி இறக்கி, அமைப்புகளில் தேடி, சந்தாவை ரத்து செய்கிறார். ‘உங்கள் சந்தா ரத்தாகிவிட்டது’ என்று மின்னஞ்சலும் வருகிறது. ஆனால் ஏப்ரல் 10 அன்று மறுபடியும் 499 போகிறது. இப்போதுதான் யுபிஐ செயலிக்குள் சென்று, ஏப்ரல் 12 அன்று மேண்டேட்டையும் ரத்து செய்கிறார். அதற்கான எஸ்எம்எஸ் வங்கியிலிருந்து வருகிறது. அதன் பிறகும் மே 10 அன்று 499 போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம்.

மூன்று முறையும் போனது அதே 499தான், ஆனால் மூன்றும் மூன்று வகை. யாரிடம் கேட்பது, எந்த ஆதாரத்தோடு கேட்பது, கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதெல்லாம் ஒவ்வொன்றிலும் மாறும். இதைப் பிரித்துப் பார்க்காமல் ‘1,497 ரூபாயை ஏமாற்றிவிட்டார்கள்’ என்று ஒரே புகாராக எழுதினால், வங்கி அது நிறுவனத்தின் விவகாரம் என்று சொல்லும், நிறுவனம் வங்கியைக் கேளுங்கள் என்று சொல்லும்.

முதலில் நிறுத்துவது

போன பணத்தைத் துரத்துவதற்கு முன் அடுத்த மாதப் பணத்தைக் காப்பாற்றுங்கள். வரிசை முக்கியம்: முதலில் நிறுவனத்திடம் ரத்து, அதன் ஆதாரம், பிறகு மேண்டேட் ரத்து.

நிறுவனத்திடம் ரத்து செய்வதற்கு, சந்தாவை எங்கே வாங்கினோம் என்று தெரிய வேண்டும். வங்கிக் கணக்கில் Google Play அல்லது Apple என்று பெயர் இருந்தால், பாடச் செயலிக்குள் எவ்வளவு தேடினாலும் ரத்து செய்யும் பொத்தான் கிடைக்காமல் போகலாம். அதைப் பிளே ஸ்டோரின் Subscriptions பக்கத்திலோ, ஐபோனின் அமைப்புகளில் உங்கள் பெயருக்குக் கீழே உள்ள Subscriptions பகுதியிலோதான் செய்ய வேண்டும். ஆப்பிளில் ட்ரையல் முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாகவே ரத்து செய்ய வேண்டும். கடைசி நாள் வரை காத்திருந்தால் பணம் போய்விடலாம். நேரடியாக நிறுவனத்தின் தளத்தில் வாங்கியிருந்தால் அங்கேயே ரத்து செய்யுங்கள். ரத்தானதாகக் காட்டும் திரையை, தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பொத்தானே இல்லையென்றால், அவர்களுடைய குறைதீர் அதிகாரியின் முகவரிக்கு ‘இன்றைய தேதியிலிருந்து சந்தாவை ரத்து செய்கிறேன், இனி பணம் எடுக்க அனுமதி இல்லை’ என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னது பின்னால் ஆதாரமாக நிற்காது.

அடுத்தது மேண்டேட். யுபிஐ செயலியில் உங்கள் படத்தைத் தொட்டால் வரும் பகுதியில் Autopay அல்லது Mandates என்று இருக்கும். நடப்பில் உள்ளவை அங்கே வரிசையாகத் தெரியும். வேண்டாததைத் தொட்டு ரத்து செய்யும்போது பின் எண் கேட்கும். திரையில் ரத்து என்றுதான் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். தற்காலிகமாக நிறுத்தும் Pause வேறு, முழுக்க ரத்து செய்வது வேறு. இடைநிறுத்தம் ஒரு நாள் முடிந்து மறுபடி பணம் போகும்.

பலர் இங்கே தடுமாறுகிறார்கள். இரண்டு மூன்று யுபிஐ செயலிகள் இருக்கும், எதில் பதிவு செய்தோம் என்பது மறந்திருக்கும், திறந்து பார்த்த செயலியில் பட்டியல் காலியாக இருக்கலாம். மேண்டேட் பதிவானபோது வந்த எஸ்எம்எஸ்ஸிலோ மின்னஞ்சலிலோ UMN என்ற நீளமான அடையாளம் இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் @ குறிக்குப் பின்னால் இருக்கும் பகுதி எந்தச் செயலி என்று காட்டிக்கொடுக்கும். @ybl என்றால் போன்பே, @okaxis, @oksbi போல ok என்று தொடங்கினால் கூகுள் பே. அந்தச் செயலியை அழித்திருந்தால் அதே எண்ணில் மறுபடி நிறுவிப் பாருங்கள், மேண்டேட் அங்கே இருக்கும். அப்படியும் முடியவில்லை என்றால் UMN எண்ணைக் குறிப்பிட்டு வங்கிக்கு எழுதி ரத்து செய்யச் சொல்லுங்கள்.

பணம் அட்டை வழியாகச் சென்றால், வங்கியின் இணையதளத்திலோ செயலியிலோ அட்டைகள் பகுதியில் Standing Instructions அல்லது e-Mandate என்று ஒரு பட்டியல் இருக்கும். வெளிநாட்டு நிறுவனமாக இருந்து, அந்தப் பட்டியலில் அது தெரியவே இல்லை என்றால், அட்டை அமைப்புகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கான பொத்தானை அணைத்துவிடுங்கள். 2020 முதல் எல்லா வங்கிகளும் இந்த வசதியைத் தர வேண்டும். அட்டையை மாற்றி வாங்குவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிவு புதிய அட்டைக்கு மாறிவரும் வாய்ப்பு உண்டு.

ரத்து செய்ததும் வரும் எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீர்கள். அது வரவில்லையென்றால் மறுநாள் பட்டியலை மறுபடி திறந்து, நிலை மாறியிருப்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

எந்தப் பணத்தை யாரிடம் கேட்பது

இப்போது அந்த அம்மாவின் மூன்று 499க்கு வருவோம். கடைசியில் இருந்து தொடங்கினால் எளிது.

மே 10 அன்று போனது வங்கியின் பொறுப்பு. மேண்டேட் ரத்தான பிறகு பணம் எடுக்க யாருக்கும் அனுமதி இல்லை. சந்தா நடப்பில் இருந்ததா இல்லையா என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. ஆனால் வேகம் வேண்டும். அனுமதியில்லாத மின்னணுப் பரிவர்த்தனைகள் பற்றி 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, தகவல் வந்த நாளைத் தவிர்த்து 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்பவருக்கு முழுப் பாதுகாப்பு தருகிறது. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் கடமையையும் அது வங்கியின் மேல் வைக்கிறது. ஆகவே அன்றே எழுதுங்கள். கடிதம் சுருக்கமாக, இப்படி இருந்தால் போதும்:

‘என் சேமிப்புக் கணக்கிலிருந்து மே 10 அன்று யுபிஐ ஆட்டோபே மூலம் ரூ.499 எடுக்கப்பட்டுள்ளது. பரிவர்த்தனை எண்ணும் UMN எண்ணும் கீழே உள்ளன. இந்த மேண்டேட்டை ஏப்ரல் 12 அன்றே ரத்து செய்துவிட்டேன். தங்கள் வங்கியிலிருந்து வந்த எஸ்எம்எஸ்ஸின் படத்தை இணைத்துள்ளேன். ரத்தான மேண்டேட்டின் பேரில் எடுக்கப்பட்ட இந்தத் தொகைக்கு என் அனுமதி இல்லை. தொகையைத் திரும்ப வரவு வைக்கவும், மேண்டேட் இப்போது எந்த நிலையில் உள்ளது என்று எழுத்தில் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.’

பரிவர்த்தனை எண் என்பது யுபிஐ விவரத்தில் இருக்கும் 12 இலக்க எண். புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் கிளையை விட்டு வராதீர்கள். வங்கி மறுத்தாலோ, 30 நாளில் பதில் தராவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வேண்டாம். 14448 என்ற எண்ணில் விளக்கம் கேட்கலாம். வங்கிக்கு எழுதாமல் நேரே அங்கே போனால் புகாரை ஏற்க மாட்டார்கள்.

ஏப்ரல் 10 அன்று போனது நிறுவனத்தின் பொறுப்பு. மேண்டேட் நடப்பில் இருந்ததால் வங்கி தவறு செய்யவில்லை. ரத்தான சந்தாவுக்குப் பணம் கேட்டது நிறுவனம். மார்ச் 12 மின்னஞ்சல் கையில் இருப்பதால் உங்கள் பக்கம் பலம் அதிகம். அந்த மின்னஞ்சலையும், பணம் போன விவரத்தையும் வைத்து, 7 நாளில் திருப்பித் தரும்படி நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

இதே பணம் அட்டை வழியாகப் போயிருந்தால் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. அட்டை கொடுத்த வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்கலாம். படிவத்தில் காரணம் கேட்கும் இடத்தில் ‘மோசடி’ என்று போடுபவர்கள் பலர். அதுதான் தோற்கும் வழி. மோசடி என்றால் அந்த நிறுவனத்தை உங்களுக்குத் தெரியவே தெரியாது என்று பொருள். நீங்களே ஓடிபி போட்டுப் பதிவு செய்ததை நிறுவனம் காட்டினால் அங்கேயே விவகாரம் முடிந்துவிடும். சரியான காரணம், ரத்து செய்த தொடர் பரிவர்த்தனை என்பது. விசா விதிகளில் இதற்கென்றே 13.2 என்ற தனிக் குறியீடு இருக்கிறது. ரத்து செய்த தேதி, அதன் ஆதாரம், அதற்குப் பின் பணம் போன தேதி ஆகிய மூன்றையும் இணையுங்கள். விசா தரும் கெடு 120 நாள். வங்கிகள் தமக்கென்று அதைவிடக் குறைந்த கெடு வைப்பதுண்டு, அதனால் காத்திருக்க வேண்டாம். யுபிஐயில் இந்த வகைக்கு இவ்வளவு வலுவான வழி இல்லை. அறிமுகமில்லாத நிறுவனத்தின் ட்ரையலுக்கு யுபிஐயைவிடக் கடன் அட்டையே பாதுகாப்பு என்று நான் சொல்வது இதனால்தான்.

மார்ச் 10 அன்று போனதுதான் கடினமானது. அன்று சந்தாவும் ரத்தாகவில்லை, மேண்டேட்டும் ரத்தாகவில்லை, முன்னறிவிப்பும் வந்திருக்கிறது. வங்கியில் இதற்கு வழி இல்லை, அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். ஆனால் நிறுவனத்திடம் கேட்க நியாயம் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டுதல்கள், வாடிக்கையாளரைச் சிக்க வைக்கும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. சந்தாப் பொறி அவற்றில் ஒன்று. ரத்து செய்யும் வழியை மறைப்பதும், அதை நீண்ட, குழப்பமான வேலையாக்குவதும் அதில் அடங்கும். இலவசச் சந்தா என்று சொல்லிவிட்டுப் பணம் செலுத்தும் விவரத்தையோ, தானாகப் பணம் எடுக்கும் அனுமதியையோ கட்டாயப்படுத்திக் கேட்பதும் அந்தப் பொறிக்குள்தான் வருகிறது. இந்த வழிகாட்டுதலின் பெயரைக் கடிதத்தில் குறிப்பிட்டு, ட்ரையலுக்குப் பிறகு ரத்து செய்வதற்குத் தவிர செயலியைத் திறக்கவே இல்லை என்பதையும் சொல்லிப் பணத்தைக் கேளுங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பிளே ஸ்டோர் வழியாகப் போயிருந்தால் 48 மணி நேரத்துக்குள்ளும், ஆப்பிள் வழியாக என்றால் reportaproblem.apple.com பக்கத்திலும் கேட்டுப் பாருங்கள். அங்கே திரும்பக் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

நிறுவனம் வாய் திறக்காவிட்டால்

தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது consumerhelpline.gov.in தளத்தில் புகாரைப் பதியுங்கள். தமிழிலும் பேசலாம். இது நீதிமன்றம் அல்ல. நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் வாங்கித் தரும் இடம். உங்கள் மின்னஞ்சலை மாதக்கணக்கில் திறக்காத நிறுவனம்கூட இங்கிருந்து போகும் புகாருக்கு அசையலாம்.

அதுவும் பலிக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. e-jagriti.gov.in தளத்தில் வீட்டிலிருந்தே மனு தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் குருகிராமில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை இது. சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். 499 ரூபாய்க்கு இவ்வளவு தூரமா என்பது அவரவர் முடிவு. என் கருத்தில், ஒரே குடியிருப்பில் பத்துப் பேருக்கு ஒரே நிறுவனம் இப்படிச் செய்திருந்தால் போவது சரி.

ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். பணம் போன பதற்றத்தில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். தேடலில் வரும் எண்களில் மோசடிக்காரர்களுடையதும் கலந்திருக்கும். ‘பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், இந்தச் செயலியை இறக்குங்கள்’ என்று திரையைப் பகிரச் சொல்வார்கள், அல்லது பின் எண்ணைப் போடச் சொல்வார்கள். பணம் பெற யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை. எண்ணை நிறுவனத்தின் செயலிக்குள்ளிருந்தோ, பணம் எடுத்ததற்கு வந்த ரசீதிலிருந்தோ மட்டும் எடுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்.

இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன் உங்கள் யுபிஐ செயலியில் Autopay பட்டியலைத் திறந்து பாருங்கள். வீட்டில் பெரியவர்களின் போனிலும் பாருங்கள். எது என்று அடையாளம் தெரியாத மேண்டேட் இருந்தால், அதன் விவரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு இன்றே ரத்து செய்யுங்கள். காப்பீடு, கடன் தவணை, பரஸ்பர நிதி ஆகியவற்றுக்கான மேண்டேட்டுகளை மட்டும் விசாரிக்காமல் தொடாதீர்கள். அவற்றில் தவணை தவறினால் அபராதமும் பாலிசி காலாவதியும் வரும்.